தீபாவளி பட்டாசுக்கடை ரெண்டு பேர் கூட்டு, லாபம் பிரிக்கறதுல 27,000 ரூபா இடிக்குது

தாராபுரம்_மளிகை
எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் மளிகைக்கடை வச்சிருக்கேன், எங்க தெருவுலயே பாத்திரக்கடை வச்சிருக்கற அண்ணன் ஒருத்தரும் நானும் சேந்து 2025 தீபாவளிக்கு மட்டும் ஒரு பட்டாசுக்கடை போட்டோம். பார்ட்னர்ஷிப் பத்திரம் எதுவும் இல்ல, வாய்ப்பேச்சுதான், லாபம் சரிபாதி. லைசென்ஸ் என் பேர்ல, ஜிஎஸ்டி பில்லும் என் நம்பர்லதான். சிவகாசில இருந்து ரெண்டு லோடு வந்துச்சு, முதல் லோடுக்கு நான் பணம் குடுத்தேன், ரெண்டாவதுக்கு அவரு.

என் கணக்கு இது:
நான் செலவு பண்ணது: முதல் லோடு 3,54,000, ஷெட்டு லைசென்ஸ் எல்லாம் சேத்து 50,000
என் கைக்கு வந்தது: கடை விற்பனை 7,08,000
அவரு செலவு: ரெண்டாவது லோடு 2,36,000, டெம்போ 20,000, பசங்க கூலி 40,000
அவரு கைக்கு வந்தது: கிஃப்ட் பாக்ஸ் ஆர்டர் 2,36,000 (அவரு கஸ்டமருங்க, அவரு ஜிபேல போட்டாங்க)

எனக்கு 3,04,000 மிச்சம், அவருக்கு 60,000 கையக் கடிச்சிருக்கு. ரெண்டும் சேத்து 2,44,000 லாபம், பாதி 1,22,000. அப்ப நான் அவருக்கு 1,82,000 குடுத்தா சரியாப் போச்சு. ஆனா அவரு 2,09,250 கேக்கறாரு. 27,000 எங்க இடிக்குதுன்னு ஒரு வாரமா மண்டை காயுதுங்க. வீட்டுக்கு எடுத்த வெடியை விட்டுருங்க, ரெண்டு வீட்டுக்கும் ஏறக்குறைய சமமாத்தான் போச்சு.

பெட்டிக்கடை
ரெண்டு பேரும் பேங்க்ல ஜாயிண்ட் அக்கவுண்ட் ஓபன் பண்ணிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காதே. எங்க பேங்க்ல ரெண்டு ஆதார், ரெண்டு போட்டோ குடுத்தா அன்னைக்கே போட்டுத் தர்றாங்க.

தாராபுரம்_மளிகை
அது ஜாயிண்ட் அக்கவுண்ட்டுங்க, நான் கேக்கறது கூட்டுக் கணக்கு. பணம் எங்க இருக்குதுன்னு தெரியும், யாருது எவ்வளவுன்னுதான் தெரியல.

பேரேடு
ஸ்பின்னிங் மில்லுல 31 வருசம் கணக்குப் பாத்து ரிட்டையர் ஆனவன். தம்பி, நீங்க கணக்குப் போட்ட முறை சரி, ஆனா உள்ள வச்ச நம்பர் சரியில்ல. ஒவ்வொருத்தரும் கூட்டுக்காக எவ்வளவு போட்டாங்க, கூட்டுப் பணம் எவ்வளவு வாங்கிக் கையில வச்சிருக்காங்கன்னு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, ரெண்டு மிச்சத்தையும் கூட்டுனா லாபம் வந்துரும், அந்தக் காலத்து மண்டிக்காரங்க அப்படித்தான் போடுவாங்க. உங்க பக்கத்துல ஒரு பெரிய செலவையே காணோம்.

பட்டாசுக்கு ஜிஎஸ்டி 18. உங்க 7,08,000ல 1,08,000 வரி, அவரு வாங்குன 2,36,000ல 36,000 வரி, பில்லு எல்லாம் உங்க நம்பர்ங்கறதால ரெண்டையும் நீங்கதான் கட்டணும். லோடு ரெண்டுலயும் நீங்க ரெண்டு பேரும் குடுத்ததுல 90,000 வரி, அது உங்களுக்கு இன்புட்டா வந்திருக்கும், கட்ட வேண்டிய வரில கழிச்சுக்கலாம். 1,44,000 கழித்தல் 90,000, ஆக 54,000 நீங்க அரசாங்கத்துக்குக் கட்டியிருக்கணும். கட்டுனீங்களா?

அப்புறம் மிஞ்சுன சரக்கு எங்க? அவரு பக்கத்துல வேற ஏதாவது குடுத்தாரா? அவரு சொல்ற 2,09,250க்கு அவரு என்ன கணக்கு வச்சிருக்காரு, அதையும் போடுங்க.

தாராபுரம்_மளிகை
அய்யோ, ஜிஎஸ்டி என் மளிகை கணக்கோட சேந்து போயிருச்சுங்க, அதான் மறந்துட்டேன். அவரு கணக்கு இதுதான்:

டம்ளர் 19,500. 2,000 ரூபாய்க்கு மேல வாங்குனவங்களுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் இனாம்னு போட்டோம், டம்ளர் அவரு கடைல இருந்து வந்தது. கடைல விக்கற விலை 19,500, அவருக்கு அடக்கம் 15,000ன்னு அவரே ஒத்துக்கறாரு.

மிச்ச சரக்கு 75,000. அது என்கிட்ட இருக்கு, கார்த்திகை தீபத்துக்கு வித்துக்கறேன்னு சொல்லி வச்சுக்கிட்டேன். கொள்முதல் பில்லுப்படி வரி இல்லாம 45,000. அவரு விக்கற விலைக்கு எழுதுன்னு சொல்றாரு.

ஜிஎஸ்டி 40,000. இதுதான் எனக்குப் புரியல. என் ஆடிட்டர் ஆபீஸ்ல போர்ட்டல்ல பணமாக் கட்டுனது 40,000தான், அதுக்கு சலான் இருக்கு. மீதி 14,000 என் மளிகை சரக்கு வாங்குன இன்புட் மிச்சம் இருந்ததுல போயிருச்சுன்னு சொன்னாங்க. அண்ணன் சலானைப் பாத்துட்டு "நீ கட்டுனது 40,000தானப்பா, அதத்தான் எழுதணும்"னு சொல்றாரு.

டேலி_தம்பி
அவரு சொல்றது கரெக்ட் ப்ரோ. கேஷ் எவ்வளவு போச்சோ அதான் செலவு. சலான் 40,000னா 40,000தான் போடணும், இல்லைன்னா பேங்க் ஸ்டேட்மெண்ட்டோட மேட்ச் ஆகாது. டெய்லி நாலு கம்பெனிக்கு ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் ஃபைல் பண்றேன், அனுபவத்துல சொல்றேன்.

பேரேடு
தம்பி, ஃபைல் பண்றது வேற, பங்கு பிரிக்கறது வேற. அந்த 14,000 யாரு பணம்? மளிகைக்காரர் அரிசி எண்ணெய் வாங்குனப்ப கைல இருந்து குடுத்த வரி. பட்டாசுக்கடை போடலைன்னா அடுத்த மாசம் மளிகை விற்பனை வரில கழிச்சிருப்பாரு. இப்ப அது பட்டாசு வரிக்குப் போயிருச்சு, அடுத்த மாசம் மளிகைக்கு அவரு 14,000 கூடப் பணமாக் கட்டுவாரு. ஆக 14,000 அவரு பாக்கெட்டுல இருந்துதான் போச்சு, போனது ஒரு மாசம் தள்ளித் தெரியுது, அவ்வளவுதான். கூட்டுக் கணக்குல 54,000 முழுசும் அவரு பக்கம் ஏறணும்.

சரி பாக்கறதுக்கு ஒரு வழி இருக்கு. வரியையே தொடாம கணக்குப் போடுங்க. விற்பனை வரி இல்லாம 8,00,000. கொள்முதல் வரி இல்லாம 5,00,000. செலவு 50,000 + 20,000 + 40,000 + டம்ளர் 15,000, மொத்தம் 1,25,000. மிச்சம் 1,75,000. இப்ப வரியோட போடுங்க. 9,44,000ல இருந்து 5,90,000, 1,25,000, ஜிஎஸ்டி 54,000 கழிங்க, அதே 1,75,000. 40,000 போட்டீங்கன்னா 1,89,000 வரும். ரெண்டு வழிலயும் ஒரே லாபம் வரலைன்னா வரி எங்கியோ ஒருத்தர் தலைல தப்பா ஏறியிருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்.

டேலி_தம்பி
ஹ்ம்ம், இந்த ரெண்டு வழி செக் நல்லாருக்கு. ஒத்துக்கறேன். ஆனா டம்ளர் விஷயத்துல அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கே? அவரு கடை சரக்கு, வெளியாளு வாங்குனா 19,500க்குத்தான் குடுப்பாரு.

கணக்கு_டீச்சர்
பிளஸ் டூ காமர்ஸ் எடுக்கறேன். அக்கவுண்டன்ஸி புத்தகங்கள்ல இந்த மாதிரி கூட்டு வியாபாரத்துக்குத் தன் சரக்கு குடுத்தா என்ன விலைக்குக் குடுக்கறதுன்னு கணக்குலயே போட்டிருக்கும், பசங்க அதை எடுத்து எழுதுவாங்க. இங்க யாரும் போடலையே. என் கருத்து, விலை பேசாம குடுத்தா அடக்க விலைதான். 19,500 எழுதுனா 4,500 லாபத்தை அவரு முன்னாடியே தனியா எடுத்துக்கற மாதிரி, அப்புறம் பட்டாசு லாபத்துலயும் பாதி வாங்கறாரு. அதே நியாயம்னா மளிகைக்காரரும் தன் கடைல இருந்து பசங்களுக்குப் போட்ட டீத்தூள் சக்கரைக்கு எம்ஆர்பி போடணும்.

தாராபுரம்_மளிகை
டீத்தூள் எழுதவே இல்லைங்க டீச்சர் 😄

பேரேடு
டீச்சர் சொன்னதுதான் என் அபிப்ராயமும். ஆனா ஒண்ணு சொல்லணும், ஆரம்பத்துலயே "டம்ளர் கடை விலைக்குத்தான்"னு பேசி நீங்க தலையாட்டியிருந்தா 19,500தான். பேசுனீங்களாங்கறது உங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும்.

தாராபுரம்_மளிகை
பேசலைங்க. "டம்ளர் நான் போட்டுக்கறேன்"னு சொன்னாரு. இனாமாத்தான் போடறாருன்னு நான் நெனச்சேன், அதான் என் கணக்குல வரவே இல்ல.

மஞ்சமண்டி
நானும் சொல்றேன். நானும் என் மச்சானும் சேந்து மஞ்சள் 60 மூட்டை வாங்கி வச்சோம், விலை ஏறுனதும் வித்துக்கலாம்னு. பணம் முழுசும் நான் போட்டேன், குடோன் அவனுது. விலை ஏறவே ஏழு மாசம் ஆச்சு. கடைசில லாபம் சரிபாதின்னான், அப்ப என் பணம் ஏழு மாசம் முடங்குனதுக்கு வட்டி? அதைக் கேட்டா "அப்ப என் குடோனுக்கு வாடகை குடு"ன்னான். தங்கச்சி புருசன், என்ன பண்றது. கடைசில ரெண்டையும் விட்டுட்டோம். நீங்க சிவகாசிக்கு எப்ப பணம் அனுப்புனீங்க? ஆடில அனுப்பியிருந்தா வட்டி கேளுங்க.

தாராபுரம்_மளிகை
ஜூலைல ஒரு பகுதி, ஆகஸ்ட்ல மீதி அனுப்புனேன், அவரு லோடு செப்டம்பர்ல. முன்னாடியே குடுத்தா சிவகாசில விலை குறைச்சுக் குடுப்பாங்க, அந்தக் குறைச்சல் கூட்டுக்கே வந்துருச்சு.

வக்கீல்_குமாஸ்தா
வட்டி விஷயம் நான் சொல்றேன். ஒரே ஒரு வியாபாரத்துக்குச் சேர்றதும் பார்ட்னர்ஷிப்தான்னு 1932 சட்டத்துல 8ஆம் பிரிவு இருக்கு, பத்திரம் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. அப்படி எடுத்துக்கிட்டா 13ஆம் பிரிவு வரும். வேற மாதிரி பேசிக்கலைன்னா லாபம் சரிபாதி, கடைல உக்காந்ததுக்கு யாருக்கும் சம்பளம் கிடையாது. வட்டி, ஒத்துக்கிட்ட முதலுக்கு மேல யாராவது போட்டாத்தான், வருசம் 6 சதவீதம். நீங்க எவ்வளவு முதல் போடறதுன்னு பேசவே இல்லாதப்ப எது "மேல"ன்னு சொல்றது கஷ்டம். மஞ்சமண்டி அண்ணன் கேசும் இதே கதிதான்.

மஞ்சமண்டி
6 சதவீதமா? மண்டில 6 சதவீதத்துக்கு எவன் குடுக்கறான்.

சிவகாசிக்காரன்
ஊர்ல ஹோல்சேல் பண்றேன், மிச்ச சரக்கு பத்தி ஒரு வார்த்தை. முதல்ல அது எங்க வச்சிருக்கீங்க? தீபாவளி லைசென்ஸ் டெம்பரரி, தேதி முடிஞ்சா அந்தச் சரக்கை வச்சிருக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இல்ல. மளிகைக்கடை பரண்ல, வீட்டு மாடில வச்சிருந்தா இன்னைக்கே எடுங்க, பக்கத்துல பெர்மனெண்ட் லைசென்ஸ் உள்ள கடைல குடுத்து வைங்க. ஒரு அகர்பத்தி போதும்.

விலை விஷயம். தீபாவளி மறுநாள் பட்டாசு பாதி விலை. எங்ககிட்ட திருப்பி அனுப்பறவங்களுக்கு உடைக்காத கேசு மட்டும்தான் எடுப்போம், அதுவும் பில் விலைல நல்லாக் கழிச்சுத்தான். வெடி வகையெல்லாம் கார்த்திகைக்கு நவுராது, மத்தாப்பு, புஸ்வாணம், சக்கரம் போகும். 75,000ன்னு எழுதச் சொல்றவர் அந்த விலைக்கு அவரே எடுத்துக்கறாரான்னு கேளுங்க.

தாராபுரம்_மளிகை
பயப்படாதீங்கண்ணா, பழனி ரோட்டுல பெர்மனெண்ட் கடை வச்சிருக்கற சொந்தக்காரர் குடோன்ல இருக்கு. பாதிக்கு மேல மத்தாப்பு வகைதான்.

பேரேடு
சிவகாசிக்காரர் கடைசில சொன்னதுதான் வழி. எங்க மில்லுல கழிவுப் பஞ்சு மிஞ்சுனா ரெண்டு பங்காளிங்க இப்படித்தான் பண்ணுவாங்க: ஒருத்தர் விலை சொல்லணும், அந்த விலைக்கு எடுக்கறதா விடறதான்னு மத்தவர் முடிவு பண்ணணும். கூடச் சொன்னா தானே கூட விலைக்கு எடுக்க வேண்டி வரும், குறைச்சுச் சொன்னா அடுத்தவர் குறைஞ்ச விலைக்கு எடுத்துட்டுப் போயிருவாரு. அதனால நடு விலையச் சொல்லித்தான் ஆகணும்.

கணக்குல எழுதறதுக்கு அடக்க விலையே மேல் எல்லை. விக்காத சரக்குல லாபம் எழுதக்கூடாது. 75,000 எழுதுனா 30,000 லாபத்துல 15,000 இன்னைக்கே அவருக்குக் குடுத்துருவீங்க, அப்புறம் கார்த்திகைக்கு மழை பேஞ்சு விக்கலைன்னா நஷ்டம் உங்க தலைல மட்டும். அதே சமயம் 45,000க்கு மேல 18 சதவீதமும் சேத்து எழுதாதீங்க, அந்தச் சரக்குல குடுத்த வரியை 90,000ல ஏற்கனவே இன்புட்டாக் கழிச்சாச்சு.

கணக்கு_டீச்சர்
அப்ப இதுவரை:

மளிகைக்காரர் கைல: 7,08,000ல இருந்து 3,54,000, 50,000, 54,000 போக 2,50,000. கூட 45,000 சரக்கு. மொத்தம் 2,95,000.
பாத்திரக்கடைக்காரர்: 2,36,000 வந்தது, 2,36,000 + 20,000 + 40,000 + 15,000 போனது. 75,000 கடிச்சிருக்கு.
லாபம் 2,20,000, ஆளுக்கு 1,10,000.
மளிகைக்காரர் குடுக்க வேண்டியது 1,85,000.

இதுல ஒரு வேடிக்கை, இழையில முதல்ல நீங்க போட்டது 1,82,000. வெறும் 3,000தான் வித்தியாசம்! ஆனா நீங்க ஜிஎஸ்டியை மறந்ததுல அவருக்கு 27,000 கூடப் போகுது, சரக்கை மறந்ததுல 22,500 குறையுது, டம்ளரை மறந்ததுல 7,500 குறையுது. மூணு தப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு கிட்டத்தட்ட சரியான விடைல வந்து நிக்குது. பரீட்சைல இப்படி வந்தா நான் மார்க் போட மாட்டேன்.

அவரு கணக்குலயும் பாருங்க. டம்ளர் விலைல 2,250, ஜிஎஸ்டில 7,000, சரக்குல 15,000, மொத்தம் 24,250 கூட. 1,85,000ஓட சேத்தா அவரு கேட்ட 2,09,250 அப்படியே வருது. அவரு கணக்குத் தெரியாதவர் இல்ல, ஒவ்வொரு இடத்துலயும் தனக்குச் சாதகமான விலையப் போட்டிருக்காரு, அவ்வளவுதான்.

தாராபுரம்_மளிகை
டீச்சர் கும்புடறேன். பிரிண்ட் எடுத்துட்டேன். ஆனா இன்னொண்ணு இருக்குதுங்க, சொல்லாம விட்டுட்டேன், பெருசா வரும்னு தெரியல. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி மழைல ஷெட்டு ஓரமா இருந்த சரக்கு நனைஞ்சு போச்சு, அடக்க விலை 20,000 இருக்கும். தார்ப்பாய் நான்தான் கட்டுனேன், ஆனா அன்னைக்கு ராத்திரி காவலுக்குப் படுத்தது அவரு கடைப் பசங்க. அண்ணன் சொல்றாரு நீ சரியாக் கட்டலைன்னு, நான் சொல்றேன் பசங்க தூங்கிட்டாங்கன்னு.

பேரேடு
நஷ்டம் பொதுவுலன்னா தனியா எழுத வேண்டியதே இல்ல. வாங்குனது 5,00,000ல இருக்கு, வித்ததுலயும் இல்ல, மிச்சத்துலயும் இல்ல, தானாவே ரெண்டு பேர் லாபத்துலயும் பாதிப் பாதி குறைஞ்சிருக்கும். ஒருத்தர் தலைல கட்டணும்னாத்தான் எழுதணும்.

டேலி_தம்பி
இங்க ஒண்ணு விட்டுட்டீங்க சார், இதுல நான் ஷ்யூர். நனைஞ்சு வீணாப் போன சரக்குக்கு இன்புட் எடுக்கக் கூடாது, ஜிஎஸ்டி சட்டம் 17(5)(எச்). எடுத்திருந்தா ரிவர்ஸ் பண்ணணும். 20,000க்கு 18 சதவீதம் 3,600. ப்ரோ 90,000 முழுசும் எடுத்திருக்காரு, அடுத்த 3பில 3,600 திருப்பணும், லேட்டானா வட்டியும் வரலாம். அப்ப கூட்டுச் செலவு 3,600 கூடும்.

பேரேடு
அட, நல்லாச் சொன்னீங்க தம்பி. நான் மறந்துட்டேன், எங்க காலத்துல விற்பனை வரி வேற மாதிரி. அப்ப மளிகைக்காரர் பக்கத்துல ஜிஎஸ்டி 57,600. லாபம் 2,16,400, பாதி 1,08,200, குடுக்க வேண்டியது 1,83,200.

வக்கீல்_குமாஸ்தா
தார்ப்பாய் விஷயத்துல சட்டம் கொஞ்சம் இறுக்கம். பார்ட்னர் ஈடுகட்டணும்னா "வேணும்னே அசட்டையா இருந்தாரு"ன்னு காட்டணும், சும்மா சரியா முடிச்சுப் போடல, தூங்கிட்டாங்கங்கறது அந்த அளவுக்கு வராதுன்னு நான் நெனைக்கறேன். ஆனா கோர்ட்டுல எவனும் பட்டாசு நனைஞ்சதுக்கு வழக்குப் போட மாட்டான். அப்படியே போடணும்னாலும் கணக்கு கேட்டு வழக்குப் போட வியாபாரம் முடிஞ்சதுல இருந்து மூணு வருசம்தான்.

மஞ்சமண்டி
அப்ப என் மச்சான் மேல இன்னும் ஒன்றரை வருசம் இருக்கு 😏

கணக்கு_டீச்சர்
ஒருவேளை முழு நஷ்டமும் மளிகைக்காரர் தலைலன்னு வச்சா 20,000 + 3,600, ஆக 23,600 அவரு எடுத்துக்கிட்ட மாதிரி எழுதணும். லாபம் 2,40,000 ஆகும், பாதி 1,20,000, குடுக்க வேண்டியது 1,95,000. ஆக இப்ப சண்டை 2,09,250க்கும் 1,82,000க்கும் நடுவுல இல்ல, 1,83,200க்கும் 1,95,000க்கும் நடுவுல. வெறும் 11,800.

தாராபுரம்_மளிகை
நன்றிங்க. இன்னொரு சந்தேகம். இதை என் டேலில எப்படி ஏத்தறது? மளிகை விற்பனையோட பட்டாசும் கலந்து கெடக்கு.

டேலி_தம்பி
புதுசா ஒரு கம்பெனி ஓபன் பண்ணி அதுல போடுங்க ப்ரோ, க்ளீனா இருக்கும்.

பேரேடு
வேண்டாம், பில்லு மளிகை ஜிஎஸ்டி நம்பர்ல இருக்கறப்ப தனிக் கம்பெனி போட்டா ரிட்டர்னோட ஒத்துப் போகாது. அந்தக் காலத்துல ஒரே லெட்ஜர்ல "இன்னாரோட கூட்டு வியாபாரம்"னு தலைப்புப் போட்டு, நம்ம செலவு பற்றுல, நம்ம வசூல் வரவுல எழுதி முடிச்சிருவோம், அடுத்தவர் நடவடிக்கையை நாம எழுதவே மாட்டோம். பாத்திரக்கடை அண்ணன் இன்னைக்கும் அப்படியே எழுதலாம், அவருக்கு ஒரு பக்கம் போதும்: பற்றுல லோடு, டெம்போ, கூலி, டம்ளர், லாபப் பங்கு, வரவுல கிஃப்ட் பாக்ஸ் வசூல், கடைசில நீங்க குடுக்கற தொகை. தொகை சேந்ததும் அந்தப் பக்கம் நேராகி மூடிரும்.

நீங்க அப்படி முடியாது, விற்பனை மொத்தமும் உங்க புத்தகத்துல வந்தாகணும். அதனால பட்டாசு வவுச்சர் எல்லாத்துக்கும் "தீபாவளி 2025"னு ஒரு காஸ்ட் சென்டர் போடுங்க. அவரு குடுத்த லோடு பணம், கூலி, டெம்போ, டம்ளர் எல்லாம் ஜர்னல்ல உங்க செலவா ஏத்தி அவரு கணக்குல வரவு வைங்க, அவரு வசூலிச்சது அவரு கணக்குல பற்று. கடைசில அவரு பங்கு லாபம் வரவு. அப்ப அவரு லெட்ஜர்ல நிக்கற பாக்கி 1,83,200ஆ இருக்கணும். ஒரு ரூபா மாறுனாலும் ஏதோ ஒண்ணு விட்டுப் போயிருக்கு.

டேலி_தம்பி
அந்த "பங்கு லாபம்"ங்கறதை எந்த ஹெட்ல போடறது சார்? கமிஷனா? டிடிஎஸ் புடிக்கணுமா?

பேரேடு
கமிஷன் இல்ல. நஷ்டம் வந்திருந்தா அவரும் பாதி ஏத்திருப்பாரு, கமிஷன்காரர் ஏக்க மாட்டாரு.

வக்கீல்_குமாஸ்தா
அங்கதான் சிக்கல். கூட்டுன்னு சொன்னா இன்கம் டாக்ஸ்ல இது ரெண்டு பேரும் சேந்த தனி ஆளா, இல்ல ஒருத்தர் வியாபாரத்துல இன்னொருத்தருக்குப் பங்கு குடுத்ததாங்கற கேள்வி வரும். ஒரு ஆடிட்டர் ஒண்ணு சொல்லுவாரு, இன்னொருத்தர் வேற சொல்லுவாரு. உங்க ஆடிட்டரும் அவரு ஆடிட்டரும் ஒரே மாதிரி காட்டணும், அதுதான் முக்கியம். ஒருத்தர் செலவுன்னு காட்டி இன்னொருத்தர் வருமானம்னு காட்டாம விட்டா நோட்டீஸ் வரும். குடுக்கற தொகையை பேங்க்லயே குடுங்க, 2 லட்சம் வர்றதுக்குக் கொஞ்சம்தான் கம்மி, ரொக்கம் வேண்டாம்.

தாராபுரம்_மளிகை
அப்டேட்டுங்க. நேத்து சாயங்காலம் அண்ணன் கடைல உக்காந்து டீச்சர் போட்ட கணக்கைக் காட்டுனேன். டம்ளர் 15,000க்கு உடனே ஒத்துக்கிட்டாரு. சரக்கு விலைக்கு அந்த மில்லு முறையச் சொன்னேன், "75,000க்கு நீங்களே எடுத்துக்கங்கண்ணா"ன்னதும் சிரிச்சுட்டு 45,000ன்னே இருக்கட்டும்னுட்டாரு. ஜிஎஸ்டிதான் லேசுல ஏறல, அவருக்கு அந்த 14,000 புரியவே அரை மணி நேரம் ஆச்சு. கடைசில அவரு பையன், காலேஜ்ல பிகாம் படிக்கறவன், வந்து "அப்பா அது அவரு மளிகைல கட்டுன பணம்தான்"னு சொன்னப்புறம் சரின்னாரு.

தார்ப்பாய்ல நிக்குதுங்க. அவரு விடல, நானும் விடல. 1,83,200 இன்னைக்கு என்இஎஃப்டி பண்ணிட்டு வந்துட்டேன். அந்த 11,800ஐ இப்போதைக்கு ரெண்டு பேரும் தொடலை. காவலுக்குப் படுத்த பசங்கள்ல ஒருத்தன் தீபாவளிக்கு அப்புறம் வேலையை விட்டுட்டுத் திருப்பூர் போயிட்டான், அவன் பொங்கலுக்கு ஊருக்கு வர்றானாம், அவனைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு அண்ணன் சொல்லியிருக்காரு.

சிவகாசிக்காரன்
பையன் என்ன சொன்னான்னு வந்து போடுங்க. அடுத்த வருசம் கடைசி ரெண்டு நாளைக்கு சரக்கை தரையில வைக்காதீங்க, மரப்பலகை போட்டு ஒரு அடி உசரத்துல அடுக்குங்க. தண்ணி மேல இருந்து வர்றதை விட கீழ இருந்து ஏறி நனையறதுதான் ஜாஸ்தி. உங்க சரக்கு மேல் கேசு நனைஞ்சுதா அடி கேசு நனைஞ்சுதா?

தாராபுரம்_மளிகை
...அடி கேசுதாங்க. நீங்க இப்பக் கேட்டதுக்கு அப்புறம்தான் யோசிக்கறேன். மேல் கேசெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.